வாங்கும்போது கட்டிய வரி, விற்கும்போது வசூலித்த வரி: தென்காசி பாத்திரக் கடை அரசுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? எளிய கணக்கு

"சரக்கு வாங்குறப்பவே வரி கட்டிட்டேனே, விக்கிறப்போ எதுக்கு மறுபடியும் கட்டணும்?" ஜிஎஸ்டி பதிவு எடுத்த புதிதில் சிறிய கடைக்காரர்கள் ஆடிட்டரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சட்டமும் அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறது. வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் இருந்து கழித்துவிட்டு, மீதியை மட்டும் கட்டினால் போதும். இதுதான் மதிப்புக் கூட்டு வரியின் அடிப்படை.

தமிழ்நாட்டுக் கடைக்காரர்களுக்கு இந்தக் கழித்தல் 2007 ஜனவரி 1 அன்று 'வாட்' வந்தபோதே பழக்கமாகிவிட்டது. 2017 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் ஜிஎஸ்டி இருக்கிறது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில பொருட்கள் மட்டும் இன்னும் பழைய வாட் வரியிலேயே இருக்கின்றன. பெயர் மாறினாலும் கணக்கின் எலும்புக்கூடு மாறவில்லை. ஆனால் கேரள எல்லையில் இருக்கும் தென்காசி போன்ற ஊரில் இந்தக் கணக்கில் சில திருப்பங்கள் உண்டு.

ஒரு வாளியில் இருந்து தொடங்குவோம்

மொத்த வியாபாரியிடம் ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலை 100 ரூபாய். 18% வரி சேர்த்து கடைக்காரர் 118 ரூபாய் கொடுக்கிறார். இந்த 18 ரூபாய்தான் உள்ளீட்டு வரி. கடைக்காரர்கள் பேச்சில் 'இன்புட்'.

அதே வாளியை 30 ரூபாய் லாபம் வைத்து 130 ரூபாய்க்கு விற்கிறார். 18% வரி 23 ரூபாய் 40 காசு. வாடிக்கையாளர் தருவது 153 ரூபாய் 40 காசு. இந்த 23.40 ரூபாய் வெளியீட்டு வரி, அதாவது 'அவுட்புட்'.

23.40-ல் 18-ஐக் கழித்தால் 5.40. கடைக்காரர் அரசுக்குக் கட்ட வேண்டியது இவ்வளவுதான். அவர் கூட்டிய மதிப்பு 30 ரூபாய். அதில் 18% போட்டுப் பாருங்கள், அதே 5.40 வரும். வரி 100 ரூபாய்க்கு இரண்டு தடவை விழவில்லை, கடையில் கூடிய 30 ரூபாய்க்கு மட்டும்தான் விழுந்திருக்கிறது.

எந்தக் கடைக்கு இந்தக் கணக்கு?

பொருள் விற்கும் கடை என்றால், தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர் வரி வசூலிக்க வேண்டியதில்லை, ஆனால் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அது அவருக்குச் செலவுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது தென்காசியில் ஒரு பாத்திரக் கடை. கணக்கைப் புரியவைக்க அமைத்த உதாரணக் கடை இது. எவர்சில்வர் பாத்திரங்களும் பிளாஸ்டிக் வாளி, குடம் போன்றவையும் விற்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கு 12% ஆக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகக் குறைந்தது. பிளாஸ்டிக் வீட்டுச் சாமான்களுக்கு 18%. கடை சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது, மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்கள்.

முதல் படி: கல்லாவில் இருந்து வரியைப் பிரிப்பது

சிறிய கடையில் யாரும் "விலை இவ்வளவு, வரி இவ்வளவு" என்று பேரம் பேசுவதில்லை. வரி உட்பட ஒரே விலைதான். அதனால் மாதக் கடைசியில் கல்லாக் கணக்கில் இருந்து வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். முதல் தவறு நடக்கும் இடம் இதுதான்.

ஒரு குடத்தை வரி உட்பட 236 ரூபாய்க்கு விற்றால், 236-ல் 18% போடக் கூடாது. அப்படிப் போட்டால் 42.48 ரூபாய் வரும். விலைக்குள்ளேயே வரி இருப்பதால் 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும். சரியான வரி 36 ரூபாய். ஒரு குடத்துக்கு 6.48 ரூபாயைத் தேவையில்லாமல் கையில் இருந்து கட்டுவது மாதக் கணக்கில் பெரிய தொகையாகிவிடும். 5% பொருளுக்கு 5-ஆல் பெருக்கி 105-ஆல் வகுக்க வேண்டும்.

நமது கடையில் ஒரு மாதம் எவர்சில்வர் விற்ற பணம் 2,62,500 ரூபாய். அதில் உள்ள வரி 12,500. பிளாஸ்டிக் விற்ற பணம் 1,77,000. அதில் உள்ள வரி 27,000. மொத்த வெளியீட்டு வரி 39,500 ரூபாய். இதில் பாதி மத்திய அரசின் சிஜிஎஸ்டி, பாதி மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி. ஆளுக்கு 19,750.

இரண்டாம் படி: வாங்கிய பில்கள்

அதே மாதம் மதுரையில் இருந்து 1,60,000 ரூபாய்க்கு எவர்சில்வர் வந்திருக்கிறது. 5% வரி 8,000 ரூபாய்; சிஜிஎஸ்டி 4,000, எஸ்ஜிஎஸ்டி 4,000. திருநெல்வேலியில் இருந்து 60,000 ரூபாய்க்கு பிளாஸ்டிக். 18% வரி 10,800. இதுவும் 5,400, 5,400 என்று இரண்டாகப் பிரியும்.

மூன்றாவது பில் கொல்லத்தில் இருந்து வந்தது. 50,000 ரூபாய்க்கு பிளாஸ்டிக், வரி 9,000. சரக்கு கேரளாவில் இருந்து எல்லை தாண்டி வந்ததால் இந்த வரி இரண்டாகப் பிரியாது. முழுவதும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே தலைப்பில் இருக்கும்.

வாட் காலத்தில் இந்த மூன்றாவது பில் கடைக்காரருக்குத் தலைவலி. வெளி மாநிலச் சரக்குக்குக் கட்டிய மத்திய விற்பனை வரியைத் தமிழ்நாட்டு வாட் வரியில் கழிக்க முடியாது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் இருந்து சரக்கு எடுத்தால் அந்த வரி அப்படியே அடக்க விலையில் ஏறிவிடும். ஜிஎஸ்டியில் அந்தச் சுவர் இல்லை, ஐஜிஎஸ்டியையும் கழித்துக்கொள்ளலாம்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். வாங்கிய சரக்கு முழுவதும் அந்த மாதமே விற்றுவிட்டதா? விற்றிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. உள்ளீட்டு வரியைப் பொருளுக்குப் பொருள் ஜோடி சேர்த்துக் கழிப்பதில்லை. சரக்கு கடைக்கு வந்து, பில்லும் முறையாகப் பதிவாகிவிட்டால், அது பரணில் கிடந்தாலும் அந்த மாதமே வரியை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கழித்தல், ஆனால் வரிசைப்படி

மொத்தமாகப் பார்த்தால் வெளியீட்டு வரி 39,500. உள்ளீட்டு வரி 8,000, 10,800, 9,000 சேர்த்து 27,800. மீதி 11,700 ரூபாய்.

விடை இதுதான். ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் இப்படி ஒரே வரியில் கழிக்க முடியாது. மூன்று வரியும் மூன்று தனிப் பைகள். முதலில் ஐஜிஎஸ்டி பையை முழுவதும் காலி செய்ய வேண்டும். கட்ட வேண்டிய ஐஜிஎஸ்டி இருந்தால் முதலில் அதற்கு. மீதியை சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் மற்ற இரண்டு பைகளைத் தொட முடியும்.

நமது கடையில் 9,000 ரூபாய் ஐஜிஎஸ்டியை 4,500, 4,500 என்று பிரிப்போம். சிஜிஎஸ்டி 19,750-ல் முதலில் 4,500 போகும், பிறகு சிஜிஎஸ்டி இன்புட் 9,400 போகும். மீதி 5,850. எஸ்ஜிஎஸ்டியிலும் அதே கணக்கு, மீதி 5,850. இரண்டும் சேர்ந்தால் 11,700.

```
CGST: 19750 - 4500 - 9400 = 5850
SGST: 19750 - 4500 - 9400 = 5850
மொத்தம் = 11700
```

எல்லாவற்றையும் விட முக்கியமான கட்டுப்பாடு ஒன்று: சிஜிஎஸ்டி இன்புட்டை எஸ்ஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்த முடியாது, எஸ்ஜிஎஸ்டி இன்புட்டை சிஜிஎஸ்டி கட்டவும் முடியாது. யோசிக்காமல் ஐஜிஎஸ்டி 9,000 முழுவதையும் சிஜிஎஸ்டிக்கே தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் 1,350 ரூபாய் மட்டும் கட்டினால் போதும், இந்தப் பக்கம் 10,350 கட்ட வேண்டும். இந்த மாதம் மொத்தம் மாறவில்லை. ஆனால் கேரளாவில் இருந்து அதிகம் வாங்கிய மாதத்தில் இப்படித் தள்ளினால், ஒரு பக்கம் இன்புட் பயன்படாமல் தேங்கி நிற்கும், மறுபக்கம் கையில் இருந்து காசு கட்ட வேண்டிவரும். அதனால் ஐஜிஎஸ்டியைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

புனலூர் வாடிக்கையாளர் வந்தால்?

தென்காசிக் கடைக்குக் கேரளாவில் இருந்து வாடிக்கையாளர்கள் வருவது சாதாரணம். கல்யாணச் சீர் வாங்க வந்த புனலூர் குடும்பம் 20,000 ரூபாய் மதிப்புக்கு எவர்சில்வர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி 1,000 ரூபாய். இது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியா? ஐஜிஎஸ்டியா?

பதில், பில்லில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும்போது, பில்லில் உள்ள முகவரியே விற்பனை நடந்த இடமாகக் கொள்ளப்படும் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதி இருக்கிறது. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் அது முகவரி எழுதியதாகவே கணக்கு. முகவரியே எழுதவில்லை என்றால் கடை இருக்கும் இடம்தான் கணக்கு, அதாவது தமிழ்நாடு.

ஆக, "புனலூர், கேரளா" என்று பில்லில் எழுதிவிட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டால் அது தவறான தலைப்பு. நமது கணக்கில் இந்த 1,000 ரூபாய் ஐஜிஎஸ்டிக்கு மாறினால், கொல்லம் பில்லின் 9,000-ல் இருந்து முதலில் அது அடைபடும். மீதி 8,000, இரு பக்கமும் 4,000. கட்ட வேண்டிய சிஜிஎஸ்டி 19,250 ஆகக் குறையும். கழித்துப் பார்த்தால் மறுபடியும் 5,850. கடைக்காரர் கட்டும் தொகை அதே 11,700 தான். ஆனால் அந்த 1,000 ரூபாயில் மாநிலத்தின் பங்கு போகும் இடம் மாறிவிடுகிறது. தலைப்பு தவறினால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். வட்டி இல்லை, அலைச்சல் உண்டு.

கணக்கு சரி, ஆனால் தளத்தில் இன்புட் இல்லை!

கடைக்காரர்களுக்கு உண்மையான அடி விழுவது இங்கேதான். கையில் பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் சரக்கு விற்ற மொத்த வியாபாரி அந்த பில்லைத் தன் `GSTR-1` தாக்கலில் காட்டவில்லை என்றால், வாங்கியவருக்கு அந்த மாதம் இன்புட் கிடையாது.

நமது உதாரணத்தில் திருநெல்வேலி வியாபாரி தாக்கல் செய்யவில்லை என்று வைப்போம். 10,800 ரூபாய் காணாமல் போகும். கழிக்க முடிவது 17,000 மட்டும். கட்ட வேண்டிய தொகை 11,700-ல் இருந்து 22,500 ஆக எகிறிவிடும். 60,000 ரூபாய் சரக்குக்கு ஏற்கெனவே 70,800 கொடுத்தவர், அதே 10,800-ஐ அரசுக்கும் தற்காலிகமாகத் தர வேண்டிய நிலை.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி `GSTR-2B` என்ற பட்டியல் தளத்தில் உருவாகும். முந்தைய மாதத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் இன்புட் முழுவதும் அதில் இருக்கும். வரி கட்டி `GSTR-3B` தாக்கல் செய்ய 20-ம் தேதி வரை நேரம். இடையில் இருக்கும் ஆறு நாளில் கையில் உள்ள பில் கட்டையும் 2B பட்டியலையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். இல்லாத பில்லுக்கு வியாபாரிக்கு அப்போதே போன் போட்டால், அடுத்த மாதப் பட்டியலிலாவது அது வந்துவிடும். உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு இலக்கம் தவறாக இருந்தாலும் பட்டியலில் வராது என்பதால், "தாக்கல் பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்று அவர் சொன்னாலும் பில் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

விட்டுப்போன இன்புட் ஒரேயடியாகப் போய்விடாது. அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அதுவரைதான். அந்தத் தேதி தாண்டினால் போனது போனதுதான்.

கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் வியாபாரிக்குப் பணம் தராவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்தால் இன்புட்டை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

சீசனுக்கு முன்னால் மைனஸ் வந்தால்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். அதை நம்பி மே மாதமே சரக்கைக் குவிக்கும் கடைகளில் அந்த மாதம் வெளியீட்டு வரியை விட உள்ளீட்டு வரி அதிகமாக இருக்கும். கழித்தால் மைனஸ். இந்தத் தொகையைப் பொதுவாக அரசு பணமாகத் திருப்பித் தராது. தளத்தில் உள்ள மின்னணு வரவுக் கணக்கில் நிற்கும், ஜூன், ஜூலை விற்பனையில் தானாகக் கழிந்துவிடும். மே மாதம் வரி பூஜ்யம் என்பதற்காக ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருக்கக் கூடாது.

2025 செப்டம்பரில் வரி குறைந்தபோதும் இதே மாதிரி ஒரு நிலை வந்தது. 12% கட்டி வாங்கிய எவர்சில்வரை 5% போட்டு விற்க வேண்டியிருந்தது. முன்பு கட்டிய 12% முழுவதையும் இன்புட்டாக வைத்துக்கொள்ளலாம். அது அடுத்தடுத்த மாத வரிக்குப் பயன்படும்.

மழையில் நனைந்த சரக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் தென்காசி மாவட்டமும் தப்பவில்லை. இப்படி வெள்ளத்தில் சரக்கு வீணானால் வரிக் கணக்கில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தொலைந்த, திருடுபோன, அழிந்த பொருளுக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இலவசமாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கும் அதே விதி. பொருள் விற்கப்படவே இல்லை, வெளியீட்டு வரி வரப்போவதில்லை, எனவே கழிக்கவும் எதுவும் இல்லை என்பதே இதன் தர்க்கம். கடைக்காரருக்கு இது கசக்கும். 50,000 ரூபாய் பிளாஸ்டிக் வீணானால் அவருடைய நஷ்டம் வரியோடு சேர்த்து 59,000. இன்சூரன்ஸ் க்ளெய்ம் எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கடை வாடகைக்கு என்றால்

ஜிஎஸ்டி பதிவு இல்லாத கட்டட உரிமையாளரிடம் வாடகைக்கு இருக்கும் பதிவு பெற்ற கடைக்காரர், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு 18% வரியைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும். 10,000 ரூபாய் வாடகைக்கு 1,800. இதை இன்புட்டில் இருந்து கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதே 1,800-ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் நஷ்டம் இல்லை என்றாலும், மறந்துவிட்டால் நோட்டீஸ் வரும்.

இந்தக் கழித்தலே வேண்டாம் என்றால்?

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள கடைகளுக்குத் 'தொகுப்பு முறை', அதாவது காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. விற்பனையில் 1% கட்டினால் போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, இன்புட்டும் கிடையாது.

நமது கடை அதே விலைக்கு விற்று இந்த முறையில் இருந்திருந்தால், கல்லாவில் வந்த 4,39,500-க்கு 1%, அதாவது 4,395 ரூபாய் கட்டியிருக்கும். 11,700-ஐ விட 7,305 ரூபாய் குறைவு. வீட்டுத் தேவைக்கு வாங்குபவர்களே வாடிக்கையாளர்கள் என்றால், லாபம் ஓரளவு இருக்கும் கடைக்கு இது பெரும்பாலும் சாதகம்தான். ஆனால் ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சரக்கு குவித்த மே மாதத்தில் வழக்கமான முறையில் வரி பூஜ்யமாக இருக்கும்போது, தொகுப்பு முறையில் விற்றதற்கெல்லாம் 1% கட்டியே ஆக வேண்டும். வருடக் கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்புட் எடுக்க விரும்பும் வியாபாரிகளுக்கு விற்பவர்களுக்கும் இது ஒத்துவராது, ஏனென்றால் வரி பில் தர முடியாது. தென்காசிக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு: தொகுப்பு முறையில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது. கேரளாவில் இருந்து வாங்கலாம், ஆனால் புனலூர் முகவரி போட்டு பில் கொடுக்க முடியாது.

தாமதமானால்

வழக்கமான முறையில் இருப்பவர் `GSTR-3B`-ஐத் தாமதமாகத் தாக்கல் செய்தால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரியே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய். பணமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு ஆண்டுக்கு 18% வட்டியும் சேரும். நமது கடையின் 11,700 ரூபாய் 30 நாள் தாமதமானால் வட்டி சுமார் 173 ரூபாய், தாமதக் கட்டணம் 1,500 ரூபாய். பணம் புரளவில்லை என்று ரிட்டர்னைத் தள்ளிப்போடுபவர்களுக்கு வட்டியை விடக் கட்டணமே அதிகம் வலிக்கும்.